மாடிப்படிக்கு அடியில் ஒரு மெத்தை

மேற்கு மாம்பலத்தில் என் அக்காவுக்கு நான்கு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழ் வீட்டில் அக்கா குடியிருக்கிறாள். மற்ற மூன்றும் வாடகைக்கு விட்டவை. இரண்டாவது மாடியில் இருக்கும் தம்பி, மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் புதுக் கட்டிலும் மெத்தையும் வாங்கினார். பழைய ரப்பர் தேங்காய்நார் மெத்தை, கதவு கழன்ற பிளைவுட் அலமாரி, ஓடாத பழைய கிரைண்டர் மூன்றும் அன்று இரவே மாடிப்படிக்கு அடியில் வந்து சேர்ந்தன. நாலு நாள் கழித்து மெத்தை மட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே போயிருந்தது. அதற்குள் இரண்டு மழை பெய்துவிட்டது.

அக்கா கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: “தயவுசெய்து யாரும் குப்பையை வெளியில் போட வேண்டாம். கட்டட விதிகளைப் பின்பற்றவும்.” எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். மெத்தை அங்கேயே கிடந்தது.

இதில் அந்தத் தம்பியின் மேல் மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் வரும் மாநகராட்சி பேட்டரி வண்டியில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனிக் கூடைகள் இருக்கும். ஆறடி மெத்தையை அதில் எங்கே ஏற்றுவது? தூய்மைப் பணியாளர் அதை எடுக்காமல் போனது அலட்சியத்தால் அல்ல, அவர் வண்டியில் இடமில்லை. ‘வெளியே வைத்தால் யாராவது எடுத்துப் போவார்கள்’ என்று தம்பி நினைத்தார். பத்து வருஷத்துக்கு முன்பு அது ஓரளவு நடந்தது. அப்போது இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் பஞ்சு அடிக்கிறவர் பிரித்து, அடித்து, புது உறை தைத்துக் கொடுத்துவிடுவார். ரப்பரும் ஃபோமும் கலந்த மெத்தையை அப்படிப் பிரிக்க முடியாது. காயலான் கடையிலும் அதற்கு விலை இல்லை.

ஐந்தடிக்கு ஆறடி அளவில், ஐந்து அங்குலக் கனமுள்ள நார் மெத்தை உலர்ந்திருக்கும்போதே ஏறத்தாழ முப்பது கிலோ இருக்கும். மழையில் ஊறிவிட்டால் இருவர் தூக்குவதே கஷ்டம். உள்ளே நாய் படுக்கும், எலி கூடு கட்டும். கேட்டுக்கு வெளியே மழைநீர் வடிகாலின் வாய்மேல் அது சாய்ந்துவிட்டால் தெருவில் தண்ணீர் நிற்கும். கிரைண்டரின் தொட்டி, உடைந்த வாளி போன்றவை தண்ணீர் பிடித்துவைத்தால், டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது உள்ளே வைப்பதற்குத்தான். சென்னையின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் எல்லா வீட்டு மின் மீட்டர்களும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு பொறி தெறித்து, பக்கத்தில் ஃபோமும் பிளைவுட்டும் இருந்தால், புகை படிக்கட்டு வழியாகப் புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே ஏறும். ஃபோம் எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் நெருப்பு எட்டுவதற்கு முன்பே ஆளை மயக்கிவிடும். மேல் வீட்டுக்காரர்கள் இறங்க இருக்கும் ஒரே வழியும் அந்தப் படிதான். அக்காவிடம் இதைச் சொன்ன பிறகுதான், அது அழகு, சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் சாயங்காலம் அவள் குழுவில் எழுதவில்லை. மேலே போய் நேரிலேயே பேசினாள். பேசியதையே பிறகு அவருக்கு மட்டும் செய்தியாகவும் அனுப்பினாள்:

“தம்பி, உங்க மெத்தையும் அலமாரியும் கிரைண்டரும் கீழே இருக்கு. படிக்கு அடியில மீட்டர் பாக்ஸ் இருக்கறதால அங்க எதுவும் வைக்கக் கூடாது. தினமும் வர்ற வண்டி இதையெல்லாம் எடுக்காது. 1913க்கு போன் பண்ணிப் பதிவு பண்ணுங்க, கார்ப்பரேஷன்ல வந்து எடுத்துப்பாங்க. அதுவரைக்கும் மெத்தையை மொட்டை மாடி ஷெட்டுல வெச்சுக்குங்க, சாவி நான் தர்றேன். வர்ற சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாமா?”

“சாரி ஆன்ட்டி, வண்டிக்காரர் எடுத்துப்பார்னு நினைச்சேன்” என்றார் அவர். எந்தப் பொருள், ஏன் கூடாது, எங்கே போக வேண்டும், எந்த நாளுக்குள் என்று நான்கும் இரண்டாவது செய்தியில் இருந்தன. முதல் செய்தியில் ஒன்றுகூட இல்லை. ‘போடாதே’ என்பதை மட்டும் கேட்டவர் பொருளைக் கேட்டுக்கு உள்ளிருந்து வெளியே நகர்த்துவார். அக்கா வீட்டில் நடந்ததும் அதுதான்.

1913 சென்னை மாநகராட்சியின் புகார் எண். பழைய சோபா, கட்டில், மெத்தை போன்றவற்றை வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. சனிக்கிழமைகளில் எடுக்கிறார்கள். ‘நம்ம சென்னை’ செயலியிலும் பதிவு செய்யலாம். பதிவு செய்யும்போது பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ‘கொஞ்சம் சாமான்’ என்றால் எந்த வண்டி அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியாது. பொருளை அன்று காலையில்தான் கீழே இறக்க வேண்டும், முந்தின இரவே வாசலில் வைத்துவிட்டால் மழையும் நாயும் முந்திக்கொள்ளும். இரண்டு மாடி ஏறி இறக்கித் தருவதைப் பணியாளரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கிரைண்டர் வேறு வழியில் போனது. மோட்டாரில் செம்பு இருப்பதால் காயலான் கடைக்காரர் ஆசையாக வாங்குவார். ஆனால் மோட்டாரையும் தொட்டியையும் கழற்றிக்கொண்டு கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போவது வழக்கம். முழுதாக எடுத்துப் போனால்தான் தருவேன் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். பழைய பிரிட்ஜையும் குழாய் டிவியையும் இப்படிக் கொடுக்கக் கூடாது. டிவி கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பிரிட்ஜில் வாயு இருக்கிறது. உடைக்கிற பையன்தான் அதை மூச்சில் இழுப்பான். புதிதாக வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது மேல். குளியலறை ஓடு மாற்றியதில் வந்த இடிபாட்டையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. அதை எடுத்துப் போவது வேலை செய்த மேஸ்திரியின் பொறுப்பு என்று கூலி பேசும்போதே முடிவு செய்ய வேண்டும்.

குடியிருப்பவர் சொல்லியும் கேட்கவில்லை என்றால்? கோபத்தில் மோட்டாரை நிறுத்திவிடுகிற வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். அது தவறு, சட்டப்படியும் தவறு. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் கேட்கிறது. அந்த ஒப்பந்தத்தில்தான் இதற்கு இடம் இருக்கிறது. அக்கா அடுத்த புதுப்பித்தலில் ஒரு வரி சேர்த்தாள்: பொதுவழியிலும் மீட்டருக்கு அருகிலும் வாசலுக்கு வெளியிலும் பெரிய பொருள்களை வைப்பதில்லை, எழுதித் தெரிவித்து ஏழு நாளில் அகற்றாவிட்டால் ஆள்வைத்து எடுத்த செலவை ரசீதுடன் குடியிருப்பவரிடம் பெற்றுக்கொள்ளலாம். ரசீது என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது அந்தத் தம்பிதான். அது சரியான கோரிக்கை. இல்லையென்றால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்பதில் வீடு காலி செய்யும் நாளில் சண்டை வரும்.

அந்தச் சனிக்கிழமை தம்பியும் அவர் நண்பரும் அலமாரியைப் பலகை பலகையாகக் கழற்றி, ஆணிகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கீழே இறக்கினார்கள். மெத்தை மூன்று நாள் வெயிலில் காய்ந்து, தூக்குகிற கனத்துக்கு வந்திருந்தது. பதினொரு மணிக்கு வண்டி வந்தது. போன வாரம் முதல் மாடி அம்மா உடைந்த சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்குவதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாராம், “சனிக்கிழமைக்குப் பதிவு பண்ணிட்டேன், அதுவரைக்கும் ஷெட்டு சாவி கிடைக்குமா?”