முப்பது நாளும் நூறு சொல்லும்

வருமான வரி மதிப்பீட்டு உத்தரவு எத்தனை பக்கம் இருந்தாலும், கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கூடவே வரும் டிமாண்ட் நோட்டீஸை. அது வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் மேல்முறையீட்டுக்கான 30 நாள் ஓடத் தொடங்குகிறது. இப்போது எல்லாம் இணையவழி என்பதால், ஈமெயிலிலும் போர்ட்டலிலும் வந்து விழுந்த நாளையே துறை கணக்கில் எடுக்கும். நாம் திறந்து படித்த நாள் அதற்குப் பொருட்டில்லை.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர். 2022-23 நிதியாண்டில் விற்பனை 52 லட்சம். 44ஏடி பிரிவின்படி அதில் 8 சதவீதமான 4,16,000 ரூபாயை வருமானமாகக் காட்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறார். 87ஏ தள்ளுபடி போக அதற்கு வரி இல்லை. ஆனால் அதே ஆண்டில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 14 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதிகாரி விளக்கம் கேட்டு 2025 மார்ச் 3ஆம் தேதி நோட்டீஸ் விடுகிறார். பதில் தர மூன்றே நாள். ஆடிட்டர் 14ஆம் தேதிவரை அவகாசம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. 18ஆம் தேதி உத்தரவு வந்துவிடுகிறது: 14 லட்சம் முழுவதும் 69ஏ பிரிவின் கீழ் ‘விளக்கப்படாத பணம்’.

இந்த ஒரு சொல்லின் விலை என்ன? சாதாரண வருமானமாகச் சேர்த்திருந்தால் ஸ்லாப்படி வரி. இதற்கோ 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 78 சதவீதம். 14 லட்சத்துக்கு வரி மட்டுமே 10,92,000 ரூபாய். வட்டி தனி.

உத்தரவு வந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் கடைசி நாள் ஏப்ரல் 17. இங்கே பலர் சறுக்குவது ஒரு நல்ல எண்ணத்தால்தான். ‘திருத்தம் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், பதில் வரட்டும்’ என்று காத்திருப்பார்கள். 154ஆம் பிரிவின் திருத்தம் கூட்டல் பிழை, விட்டுப்போன டிடிஎஸ் போன்ற வெளிப்படையான தவறுகளுக்கானது. அந்த மனு நிலுவையில் இருப்பதால் 30 நாள் நின்றுவிடாது. தாமதமானால் போதிய காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். 249(3) பிரிவு இடம் தருகிறது. ஆனால் காரணத்தைத் தேதிவாரியாக, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். ‘ஊரில் இல்லை’ என்ற ஒற்றை வரி நிற்காது.

மேல்முறையீடு படிவம் 35இல், வருமான வரி போர்ட்டல் வழியாகவே. மதிப்பிட்ட வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் கட்டணம் ஆயிரம் ரூபாய். ரிட்டர்னில் நாமே ஒப்புக்கொண்ட வரி பாக்கியிருந்தால் மேல்முறையீட்டை ஏற்கமாட்டார்கள். நம் கடைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. படிவத்தின் உயிர் இரண்டு கட்டங்களில் இருக்கிறது. ஒன்று, வழக்கின் விவரம்: ஆயிரம் சொல்லுக்குள். மற்றது மேல்முறையீட்டுக் காரணங்கள். ஆடிட்டர்கள் வாயில் ‘கிரவுண்ட்ஸ்’. ஒவ்வொன்றும் நூறு சொல்லுக்குள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. கடை எப்போது தொடங்கியது, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார், எந்த நோட்டீஸ் எப்போது வந்தது என்பதெல்லாம் விவரத்தில் வரவேண்டியவை. அங்கே குற்றச்சாட்டு வேண்டாம். கிரவுண்ட் என்பது அதிகாரியின் ஒரு குறிப்பிட்ட முடிவைச் சுட்டி, அது ஏன் தவறு என்று சொல்லும் ஒரே வாக்கியம் போன்றது. தீர்ப்பு மேற்கோள்களும் நீண்ட வாதமும் பிறகு தரும் எழுத்துபூர்வ வாதத்துக்கு உரியவை. ‘உத்தரவு சட்டத்துக்கும் உண்மைக்கும் முரணானது’ என்று முதல் கிரவுண்டை எழுதும் வழக்கம் உண்டு. எழுதினால் பாதகமில்லை; அதை மட்டும் எழுதினால் பயனும் இல்லை.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். உள்ளடக்கத்தைத் தமிழில் சொன்னால், கடைக்காரரின் முதல் கிரவுண்ட் இப்படி அமையும்: ‘மார்ச் 3ஆம் தேதி நோட்டீஸுக்கு மூன்று நாள் மட்டுமே தந்து, 5ஆம் தேதி கேட்ட அவகாசத்தைப் பரிசீலிக்காமல் உத்தரவிட்டது இயற்கை நீதிக்கு எதிரானது.’ நடைமுறைக் குறை முதலில் வருவது மரபு. அடுத்தது உண்மை பற்றியது: ‘14 லட்சத்தில் 11 லட்சம், ஏற்கெனவே வருமானம் காட்டப்பட்ட 52 லட்ச விற்பனையின் ரொக்க வரவு, அதை 69ஏ பிரிவில் சேர்த்தது தவறு.’ மூன்றாவதாக, மீதி 3 லட்சம். அது ஒரு கல்யாணச் செலவுக்காக ஜூனில் அதே கணக்கிலிருந்து எடுத்து, செலவாகாமல் ஆகஸ்டில் திரும்பக் கட்டிய பணம். இதைத் தனிக் கிரவுண்டாக வைப்பது முக்கியம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டால், ஒன்றின் பலவீனம் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான்காவதை ‘மேற்கண்டவற்றுக்குப் பாதகமின்றி’ என்று தொடங்குவார்கள். முதல் வாதம் தோற்றாலும் கைவசம் இருக்கும் மாற்று வாதம் இது: ‘அந்த 11 லட்சத்தைக் கணக்கில் வராத விற்பனை என்றே கொண்டாலும், அதிலுள்ள லாபத்துக்குத்தான் வரி; முழுத் தொகைக்கு அல்ல.’ 8 சதவீதம் என்றால் 88,000 ரூபாய்தான். ஐந்தாவது, வியாபார வரவுக்கு 115பிபிஇ பொருந்தாது என்பது. வட்டி பற்றி ஒரு வரி, பின்னர் கிரவுண்டைச் சேர்க்கவும் திருத்தவும் அனுமதி கேட்டு ஒரு வரி. புதிய கிரவுண்டை விட்டது வேண்டுமென்றல்ல என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் 250(5) பிரிவில் அனுமதிக்கலாம்.

இனி ஆதாரம். கடைக்காரரின் ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் 52 லட்சத்தைக் காட்டுகின்றன. ஆனால் மூன்று நாளில் அவற்றைத் தர முடியவில்லை. மேல்முறையீட்டில் புதிய ஆதாரத்தைச் சும்மா இணைத்துவிட முடியாது. விதி 46ஏ சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அவற்றில் ஒன்று. முதல் கிரவுண்டையும் விவரத்தில் உள்ள தேதிகளையும் அவ்வளவு கவனமாக எழுதியதன் பலன் இங்கேதான் தெரியும். படிவத்திலேயே புதிய ஆவணங்களின் பட்டியலைத் தந்து, தனி மனுவும் போட வேண்டும். அவற்றை ஏற்குமுன் மதிப்பீட்டு அதிகாரியின் கருத்தையும் கேட்பார்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நின்றுவிடுவதில்லை. அதிகாரியிடம் 220(6) பிரிவில் தனியாகத் தடை கேட்க வேண்டும். 2017 ஜூலை மாத வாரியச் சுற்றறிக்கைப்படி வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். வரியை மட்டும் கணக்கிட்டாலே இவருக்கு ஏறக்குறைய 2,18,000 ரூபாய். பாக்கிக்கு மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும்.

படிவத்தை அனுப்புமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மேல்முறையீட்டு ஆணையருக்குத் தொகையைக் குறைக்க மட்டுமல்ல, நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்டபின் கூட்டவும் 251ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வேறு ஏதேனும் வங்கிக் கணக்கில் சொல்லாத ரொக்கம் இருந்தால், அதைப் பற்றி ஆடிட்டரிடம் பேச வேண்டிய நேரம் ஏப்ரல் 17க்கு முன்புதான்.