அயனி ஆரம்: குரோமியமும் இரும்பும்

அயனி ஆரம் ஒரு தனிமத்துக்கென நிலையாக உள்ள எண் அன்று. மின்சுமையோடு அணைவு எண்ணும் சுழற்சி நிலையும் அதை மாற்றுகின்றன. ஆற்காட்டை அடுத்த இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய ஊர்களில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்(III) அயனியைச் சுற்றி ஆறு அணுக்கள் அமைகின்றன. 1976இல் சானன் வெளியிட்ட அட்டவணைப்படி அப்போது அதன் ஆரம் 0.615 ஆங்ஸ்ட்ராம். மூன்று d எலக்ட்ரான்களே இருப்பதால் எண்முகி அமைப்பில் இதற்கு உயர், தாழ் சுழற்சி என்ற பிரிவு இல்லை.

ஐந்து d எலக்ட்ரான்கள் கொண்ட இரும்பு(III) அயனிக்கு அப்பிரிவு உண்டு. அணைவு எண் 6 எனில் உயர் சுழற்சியில் 0.645, தாழ் சுழற்சியில் 0.55, அணைவு எண் 4 எனில் உயர் சுழற்சியில் 0.49. ஈந்தணைவிகளை நேராக நோக்கும் ஆர்பிட்டால்கள் தாழ் சுழற்சியில் காலியாவதால் ஈந்தணைவிகள் நெருங்கி வருகின்றன; ஆரம் குறைகிறது.

கழிவுநீர்க் குரோமியம், கோதைட் என்னும் இரும்புக் கனிமத்தில் இரும்பின் இடத்தைப் பிடிக்குமா என்று கணக்கிடுவதாகக் கொள்வோம். அங்கே இரும்பைச் சூழ்ந்திருப்பவை ஆறு ஆக்சிஜன்கள். அவை வலிமை குறைந்த ஈந்தணைவிகள். ஆகவே 0.645 என்பதே பொருந்தும். வேறுபாடு சுமார் 5 விழுக்காடு; குரோமியம் எளிதில் அமரும். சயனைடு அணைவுகளுக்கு உரிய 0.55ஐ எடுத்தால் வேறுபாடு 12 விழுக்காடாகும். அதைவிட மோசம், இரும்பைவிடச் சிறிய குரோமியம் பெரியதாகத் தோன்றும்.

அதே அட்டவணையில் 'படிக ஆரம்' என இன்னொரு நிரலும் உண்டு. அதில் நேரயனிகளின் ஆரம் 0.14 கூடுதல். குரோமியத்துக்கு அந்த நிரலிலிருந்து 0.755ஐயும் இரும்புக்கு 0.645ஐயும் எடுத்தால் வேறுபாடு 17 விழுக்காடாகி, எளிதில் அமரும் அயனி அமராது என்ற விடை வரும்.