குணமானது எலிக்கு

"மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வந்தால் பத்திரிகையைத்தான் திட்டுகிறோம். ஆனால் மிகை பல நேரம் பல்கலைக்கழகம் அனுப்பும் செய்திக்குறிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 குறிப்புகளை, கார்டிஃப் ஆய்வாளர்கள் மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விலங்கு ஆய்வு பற்றிய குறிப்புகளில், கண்டதை மனிதர்களுக்கும் நீட்டிச் சொன்னவை 36 சதவீதம். அப்படி நீட்டிய குறிப்பிலிருந்து பிறந்த செய்திகளில் 86 சதவீதம் அதே மிகையைச் சொன்னன. குறிப்பு அளவோடு இருந்தபோது 10 சதவீதம்தான்.

ஒரு மாதிரி வரியைத் திருத்திப் பார்ப்போம்: "அல்சைமர் நோயாளிகளின் நினைவை மீட்டுத்தரும் புரட்சிகர மருந்தை எங்கள் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்."

முதலில் கேட்க வேண்டியது, மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது. எலிக்கு. எலிக்கு இயல்பாக அல்சைமர் வருவதில்லை. மரபணுவை மாற்றி, மூளையில் அதே மாதிரிப் படிவு சேரும்படி செய்கிறார்கள். அடுத்து, நினைவை எப்படி அளந்தார்கள்? நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எலி எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்று பார்த்து. இப்போது வரி இப்படி ஆகிறது: "அல்சைமர் போன்ற மூளைப் படிவு உண்டாகும்படி மரபணு மாற்றிய எலிகள், இந்த மருந்துக்குப் பின் தொட்டியில் மறைந்திருந்த மேடையைச் சீக்கிரம் கண்டுபிடித்தன. மனிதர்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை."

'புரட்சிகர' போய்விட்டது, ஆனால் படிக்கச் சுவை கூடியிருக்கிறது. தொட்டியில் நீந்தும் எலி கண்முன் வருகிறது. மிகையை எடுக்கிறேன் என்று வரிக்கு வரி 'கூடும்', 'இருக்கலாம்' சேர்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நடந்ததை நேராகச் சொன்னால் தயக்கச் சொற்களே தேவைப்படாது. ஒன்று மட்டும் கண்டிப்பு: 'எலி' தலைப்பிலேயே வர வேண்டும். ஆறாவது பத்தியில் வந்தால் யார் கண்ணிலும் படாது.

மனிதர்களிடம் சோதித்த மருந்திலும் எண்கள் ஏமாற்றும. லெகானெமாப் என்ற அல்சைமர் மருந்து நோய் முற்றுவதை 27 சதவீதம் குறைத்தது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. பொய்யில்லை. ஆனால் அளந்தது 18 புள்ளி அளவுகோலில். பதினெட்டு மாதத்தில் மருந்து பெறாதவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், பெற்றவர்கள் 1.21. வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு. இது குடும்பத்தினர் கண்ணுக்குத் தெரியும் மாற்றமா என்று மருத்துவர்களே வாதிட்டார்கள். சதவீதத்தைப் போடுகிறவர் இந்தப் புள்ளிகளையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

இப்படி அடக்கி எழுதினால் பத்திரிகைகள் சீந்தாது என்பது மக்கள் தொடர்பு அலுவலகங்களின் பயம். கார்டிஃப் குழுவினர் அதையும் சோதித்தார்கள். சான்றுக்கு ஏற்றபடி திருத்திய குறிப்புகளை உண்மையான பத்திரிகைகளுக்கு அனுப்பி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். திருத்தியதால் செய்தியாவது குறையவில்லை.