கடைசியில் உப்பு, அளவாய்ப் புளி

"நாங்க உப்பே சேர்க்கறதில்லீங்க"

ரத்த அழுத்தத்துக்காக வருபவர்களிடம் உப்பைப் பற்றி மருத்துவர்கள் கேட்கும்போது பலர் சொல்லும் பதில் இதுதான்: "நாங்க உப்பே சேர்க்கறதில்லீங்க டாக்டர்." இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும். இலையில் தனியாக உப்பு வைத்துக்கொள்வதில்லை, மோரில் போட்டுக் குடிப்பதில்லை, அவ்வளவுதான். குழம்பிலும் பொரியலிலும் ரசத்திலும் விழும் உப்பு பத்து வருடத்துக்கு முன்பு விழுந்த அதே கைக்கணக்கு.

இன்னொரு வகையினர் மருத்துவர் சொன்ன அன்றே உப்பை அடியோடு நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. நான்காம் நாள் ஊறுகாய் ஜாடி திறக்கப்படும். ஒரு வாரத்தில் பழைய சமையலுக்கே திரும்பிவிடுவார்கள், கூடவே ஊறுகாயும் நிரந்தரமாகிவிடும்.

மூன்றாவது வகையினர்தான் மருத்துவர்களைப் பொறுமை இழக்க வைப்பவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் பூண்டும் எலுமிச்சைச் சாறும் குடித்துவிட்டு, சில மாதம் கழித்து வீங்கிய காலோடும் வாங்கும் மூச்சோடும் வருபவர்கள். எலுமிச்சை நல்ல பொருள்தான். ஆனால் அதன் வேலை குழம்பில் இருக்கிறது. மாத்திரை டப்பாவில் அதற்கு இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. மட்டமாக ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு, காலை இட்லி முதல் இரவு தோசை வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து. சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மக்கள் சராசரியாக 8.5 கிராம் சாப்பிடுவது தெரியவந்தது. அந்த மூன்றரை கிராமை எங்கிருந்து எடுப்பது, எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

புளியைக் கூட்டினால் உப்பும் கேட்கும்

உப்பைக் குறைத்துப் புளியைக் கூட்டுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. லேசான புளிப்பு இருக்கும் இடத்தில் குறைந்த உப்பும் நாக்குக்கு எடுப்பாகத் தெரியும். ரசத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார்த்தாலே இது புரியும். ஆனால் புளிப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கதை தலைகீழ். பல் கூசும் புளிப்பை அடக்க அதே நாக்கு மேலும் உப்பைக் கேட்கும், பிறகு காரத்தைக் கேட்கும், அப்புறம் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும் என்று கேட்கும். வத்தக்குழம்பும் கெட்டிப் புளிக்குழம்பும் வீட்டுச் சமையலிலேயே உப்பு மிகுந்தவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதோடு அவை சுண்டச் சுண்டத் தண்ணீர் போய்விடும், போட்ட உப்பு முழுதும் குழம்பிலேயே நிற்கும்.

ஆகவே முதல் மாற்றம் புளியைக் குறைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். எலுமிச்சை அளவு புளி கரைக்கும் வீடுகளில் நெல்லிக்காய் அளவு போதும். குறையும் புளிப்பைத் தக்காளி, மாங்காய்த் துண்டு, கடைசியில் பிழியும் எலுமிச்சை என்று பிரித்துக்கொள்ளலாம்.

புளிக்கும் எலுமிச்சைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புளி கொதித்துப் பச்சை வாசனை போனால்தான் ருசி. எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் பறந்துவிடும், சில நேரம் கசப்பும் தட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதுதான் முறை.

நாலு பேருக்கு ஒரு சாம்பார்

நான்கு பேருக்கு மதியம் ஒரு வேளைக்கு வைக்கும் முருங்கைக்காய்ச் சாம்பாரை எடுத்துக்கொள்வோம். முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டு முருங்கைக்காய், ஒரு கை சின்ன வெங்காயம், ஒரு தக்காளி. வழக்கமாக இதில் இரண்டு தேக்கரண்டி உப்பு, அதாவது 10 கிராம் விழும். ஆளுக்கு இரண்டரை கிராம். ஒரு நாளுக்குரிய உப்பில் பாதி ஒரே குழம்பில் முடிந்துவிட்டது. பொரியலும் ரசமும் மோரும் இன்னும் வரவில்லை.

இந்த 10 கிராம் எப்படிச் சேர்கிறது என்று கவனித்தால் பிழை புரியும். காய் வேகும்போது ஒரு தடவை, புளி விட்டதும் ருசி பார்த்து இன்னொரு தடவை, பருப்பு சேர்த்ததும் சப்பென்றிருக்கிறதே என்று மூன்றாம் தடவை. தாளிப்பு விழாத, மணம் ஏறாத குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து உப்பை நிர்ணயிக்கிறோம். அந்த நிலையில் எந்தக் குழம்பும் சப்பென்றுதான் இருக்கும். அது உப்பின் குறையல்ல.

மாற்று வழி இப்படிப் போகும். பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் போட்டு, உப்பில்லாமல் குழைய வேகவைக்க வேண்டும். காயும் புளி சேராத தண்ணீரில் முதலில் வேகட்டும். புளித்தண்ணீரில் காய் சீக்கிரம் வேகாது. பிறகு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலை விட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடலாம். பொடி அன்றைக்கு வறுத்து அரைத்ததாக இருந்தால் நல்லது: இரண்டு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி கடலைப்பருப்பு, மூன்று மிளகாய் வற்றல், கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி தேங்காய்த் துருவல். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பொடிக்கு மணம் செத்திருக்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் கை உப்பைத் தேடுகிறது.

வெந்தயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கசப்பை மறைப்பது உப்பு செய்யும் வேலைகளில் ஒன்று. உப்பு குறையும்போது கருகிய வெந்தயமும் தீய்ந்த பெருங்காயமும் முன்னைவிட உரக்கத் தெரியும். உப்பு குறைத்த சமையல் நன்றாக இல்லை என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் உணர்வது இந்தக் கசப்பைத்தான்.

பருப்பு சேர்ந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழை தூவ வேண்டும். இப்போதுதான் உப்பு: முதலில் ஒரு தேக்கரண்டி. பத்து நிமிடம் மூடி வைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் ருசி பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டால் உப்பு சரியாகத் தெரியாது. குறை தெரிந்தால் முதலில் அரை மூடி எலுமிச்சை. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் கால் தேக்கரண்டி உப்பு. மொத்தம் 6 கிராமைச் சற்றே தாண்டும், ஆளுக்கு ஒன்றரை கிராம் போல. ஒரே குழம்பில் ஆளுக்கு ஒரு கிராம் மிச்சம்.

பொரியலில் இது இன்னும் எளிது. காய் வெந்து தண்ணீர் வற்றிய பிறகு உப்பைத் தூவினால் அது மேற்பரப்பில் நிற்கும், கொஞ்சமே போதும். ரசம் உப்பைக் குறைக்கப் பிறந்த பதார்த்தம். அப்போதே தட்டிய மிளகும் சீரகமும் பூண்டும் இருந்தால் பாதி உப்பிலேயே குடிக்கலாம்.

ஒரே நாளில் 10 கிராமிலிருந்து ஆறுக்கு இறங்க வேண்டாம். முதல் சில வாரம் கால் பங்கு குறைப்பு, பழகியதும் அடுத்தது. நாக்கு மாறப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதன் பிறகு பழைய அளவில் சமைத்த சாப்பாடு கரிக்கும்.

திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தவறுகள்

இந்துப்பு உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பது இப்போது மிகப் பரவியிருக்கும் நம்பிக்கை. இந்துப்பும் கல்லுப்பும் தூள் உப்பும் பெரும்பகுதி ஒரே சோடியம் குளோரைடுதான். விலை அதிகம் கொடுத்து வாங்கியதால் தாராளமாகப் போடும் வீடுகளில் நிலைமை முன்னைவிட மோசம். அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறியவர்கள் தைராய்டுக்கு வேண்டியதையும் இழக்கிறார்கள்.

உப்பை வறுத்துப் போட்டால் அதன் கெடுதல் போய்விடும் என்கிறார்கள். வறுத்தால் ஈரம்தான் போகும். சோடியம் அப்படியே இருக்கும்.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சரிசெய்வதும், எலுமிச்சை பிழிவதும் உண்டு. உருளைக்கிழங்கு தான் உறிஞ்சிய தண்ணீரில் இருந்த உப்பை மட்டும் வைத்துக்கொள்ளும், அந்தக் கிழங்கையும் நாம்தான் சாப்பிடுகிறோம். எலுமிச்சை கரிப்பை மறைக்கும், உப்பை வெளியேற்றாது. கூடிவிட்ட உப்புக்கு ஒரே வழி, உப்பில்லாத பருப்போ தண்ணீரோ சேர்த்து அளவைப் பெருக்குவது.

புளி ரத்தத்தைச் சுண்டவைக்கும், எலுமிச்சை ரத்தத்தை முறிக்கும் என்று பயந்து இரண்டையும் ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. புளிப்பை ஒதுக்கிய வீட்டில் உப்பு ஏறுவதுதான் நடக்கிறது.

வெயிலில் வேலை செய்கிறோம், வியர்வையில் உப்பு போகிறதே என்பது நியாயமான கேள்வி. நாள் முழுதும் வெயிலில் உழைப்பவருக்குத் தேவை சற்றுக் கூடலாம். மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து வியர்ப்பவருக்கு அது பொருந்தாது.

ஊறுகாயும் அப்பளமும் "கொஞ்சம்தானே" என்ற கணக்கில் தப்பிவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி ஊறுகாயிலேயே அரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கலாம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியமே. கொண்டைக்கடலை சீக்கிரம் வேகப் போடும் சமையல் சோடாவும் அப்படியே. சாம்பாரில் மிச்சம் பிடித்த ஒரு கிராம் இந்த வழியில் திரும்பி வந்துவிடும்.

யார் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்

சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்புகள் கடையில் கிடைக்கின்றன. சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வொன்று, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பால் பக்கவாதம் குறைந்ததை 2021இல் காட்டியது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. புளியிலும் பொட்டாசியம் அதிகம், ஆகவே சிறுநீரக நோயாளிகள் புளியின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

நாளுக்கு நான்கு கிராம் சொச்சம் உப்பைக் குறைத்தவர்களுக்கு, ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்தால், மேல் அளவு சராசரியாக ஐந்து புள்ளி இறங்குவதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. நல்ல பலன்தான். ஆனால் 170இல் நிற்பவருக்கு அது போதாது. தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அளவு இறங்கினால் மருந்தைக் குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம், ஒரு கிலோ ஐம்பது நாள் வர வேண்டும். மாவில் கலப்பதும் மீன் கழுவுவதும் இதில் சேரும்தான், ஆனால் வெளியே சாப்பிடுவது சேரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. நோயாளிக்கு மட்டும் தனிக் குழம்பு வைக்காதீர்கள், அது பத்து நாள் தாண்டாது. ஒரே பானை, எல்லோருக்கும் குறைந்த உப்பு, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் டப்பாவிலும் அதே குழம்பு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டு போங்கள்.