ஒன்றை விட்டு ஒன்றாக: ஜாக்நைஃப் கணக்கு

ஒரு மாதிரியிலிருந்து கணக்கிட்ட எண்ணை எவ்வளவு நம்பலாம்? வேறு மாதிரி கிடைத்திருந்தால் அந்த எண் எவ்வளவு மாறியிருக்கும்? இதை அளப்பது பரவற்படி. அதன் வர்க்கமூலமே திட்டப் பிழை. சராசரிக்குப் பரவற்படி காண எளிய சூத்திரம் உண்டு. பல அளவைகளுக்கு அப்படிக் கைக்கெட்டும் சூத்திரம் இல்லை. அந்த இடத்தில் உதவுவது ஜாக்நைஃப். கையில் உள்ள தரவுகளில் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைக் கொண்டு அதே கணக்கைத் திரும்பச் செய்வதே இந்த முறை. ஒன்றை நீக்கிக் கணக்கிடும் வழியை 1949இல் மாரிஸ் கெனோய் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் வேறொரு நோக்கத்துக்காக, அதாவது மதிப்பீட்டின் ஒருபக்கச் சாய்வைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்தார். அதைக் கொண்டே பரவற்படியையும் காணலாம் என்று 1958இல் சொன்னவர் அமெரிக்கரான ஜான் டூக்கி.

ஒரு நிறுத்தத்தில் ஐந்து நாள்கள் பேருந்துக்குக் காத்திருந்த நேரம் 2, 4, 5, 7, 12 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6. முதலில் 2ஐ நீக்கினால் மற்ற நான்கின் சராசரி 7. 2ஐத் திரும்பச் சேர்த்து 4ஐ நீக்கினால் 6.5. இப்படியே 5ஐ நீக்கினால் 6.25, 7ஐ நீக்கினால் 5.75, 12ஐ நீக்கினால் 4.5. இந்த ஐந்து விடைகளின் சராசரியும் 6தான். அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் 3.625 வருகிறது. அதை 4/5ஆல் பெருக்கினால் 2.9. இதுவே ஜாக்நைஃப் தரும் பரவற்படி. பாடநூல் சூத்திரப்படி பார்த்தாலும், தரவுகளின் பரவற்படியான 14.5ஐ 5ஆல் வகுக்க, அதே 2.9 கிடைக்கிறது. சராசரியைப் பொறுத்தவரை இரண்டும் எப்போதும் துல்லியமாக ஒத்துப்போகும்.

4/5 எங்கிருந்து வந்தது என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். 2 என்ற தரவு சராசரியைவிட 4 குறைவு. அதை நீக்கியபோது சராசரி ஏறியது 1 மட்டுமே. 12 சராசரியைவிட 6 அதிகம். நீக்கியபோது இறங்கியது 1.5. ஒவ்வொரு விலகலும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் எந்த இரண்டு விடைகளை எடுத்தாலும் அவற்றுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் ஒரே தரவுகள்தான். வர்க்கமாக்கும்போது சுருக்கம் பதினாறில் ஒன்றாகிறது. அதை ஈடுகட்ட 16ஆல் பெருக்கி, வழக்கமான சூத்திரம் கேட்கும் 5 × 4 = 20ஆல் வகுத்தால் 4/5. தரவுகள் n என்றால் இது (n−1)/n. சாதாரணப் பரவற்படிபோல் நினைத்து, பெருக்காமல் 4ஆல் வகுத்துவிட்டால் விடை 0.9 என மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

சராசரிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பேருந்து எந்த அளவுக்கு ஒழுங்காக வருகிறது என்று கேட்டால்தான் முறையின் பலன் தெரியும். அதற்கு ஏற்ற அளவை மாறுபாட்டுக் கெழு, அதாவது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்த எண். இங்கே அது 0.63. முன்போலவே ஒவ்வொன்றாக நீக்கினால் 0.51, 0.65, 0.70, 0.76, 0.46 என்று வருகின்றன. இவற்றின் விலகல் வர்க்கங்களைக் கூட்டி 4/5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.05, திட்டப் பிழை 0.22. மதிப்பீட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு தடுமாற்றம் என்பதால், ஐந்து நாள் தரவை வைத்து இந்த நிறுத்தத்தையும் இன்னொரு நிறுத்தத்தையும் ஒப்பிடுவது அவசர முடிவாகவே இருக்கும். 12 நிமிட நாள் ஒன்றை நீக்கினாலே கெழு 0.46க்குச் சரிவதையும் கவனிக்க வேண்டும். எந்தத் தரவு விடையைத் தாங்கி நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த முறையின் தனிச் சிறப்பு.

தரவுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே மழையால் இரண்டு நாள்கள் சேர்ந்தே தாமதமாகியிருந்தால் ஒன்றை மட்டும் நீக்குவது போதாது. பிழை குறைவாகத் தெரியும். இதைவிடப் பெரிய வரம்பு இடைநிலை அளவில் இருக்கிறது. இதே தரவின் இடைநிலை அளவு 5. ஒவ்வொன்றாக நீக்கினால் 6, 6, 5.5, 4.5, 4.5. ஐந்து முறை கணக்கிட்டும் மூன்றே விடைகள். 500 தரவுகள் இருந்தால் இன்னும் மோசம்: நடுவில் உள்ள இரண்டு எண்களே மாறி மாறி விடையாக வரும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தற்செயலான இடைவெளியைப் பொறுத்தே பரவற்படி அமைவதால், தரவு எவ்வளவு பெருகினாலும் அது உண்மை மதிப்பில் நிலைகொள்வதில்லை. நீக்கிக் கண்ட விடைகள் ஓரிரு எண்களிலேயே குவிந்து கிடந்தால் ஜாக்நைஃபை நம்பக் கூடாது. சராசரி, விகிதம், மாறுபாட்டுக் கெழு போல, ஒரு தரவு சிறிது மாறினால் தானும் சிறிது சீராக மாறும் அளவைகளுக்கே இது பொருந்தும். இடைநிலை அளவுக்கு, பிராட்லி எஃப்ரான் 1979இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறையைப் பயன்படுத்துவதே சரி.