விசேஷ வீட்டு லைவை யார் அழிப்பது?

மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாணம் என்று எந்த விசேஷமானாலும் இப்போது போட்டோ ஸ்டுடியோக்காரர் யூடியூப் லைவும் சேர்த்தே பேசிவிடுகிறார். விசேஷம் முடிந்ததும் லைவும் முடிந்துவிட்டதாக வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அது முடிவதில்லை. 12 மணி நேரத்துக்குள் முடியும் ஒளிபரப்பை யூடியூப் தானாகவே வீடியோவாகச் சேமித்துக்கொள்கிறது. யாருடைய சேனலில் ஓடியதோ அவர்தான் அதை அழிக்க முடியும். பெரும்பாலும் அது ஸ்டுடியோவின் சேனல். பணம் கொடுத்த குடும்பத்துக்கு அதில் எந்தப் பிடியும் கிடையாது.

அடிக்கடி நடப்பது இதுதான். ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. பின்னால் தொங்கும் பேனரில் அவள் பெயரும் ஊரும் பெற்றோர் பெயரும் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மாமா லைவ் சாட்டில், "மொய் அனுப்ப நம்பர் கொடுங்க" என்கிறார். யாரோ அப்பாவின் ஜிபே நம்பரைப் போடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வகுப்புப் பையன்கள் கையில் அந்த வீடியோ கிடைக்கிறது. கீழே கேலிக் கமென்ட்டுகள். அம்மா ஸ்டுடியோவுக்கு ஓடுகிறார். "Private போட்டுட்டேன்க்கா, இனிமே யாரும் பார்க்க முடியாது" என்கிறார் ஸ்டுடியோக்காரர்.

இதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். Private என்பது அழிப்பு அல்ல. நாளைக்கே அதை மறுபடி Public ஆக்கலாம். தனியுரிமைப் புகார் வரும்போது Private ஆக்குவதை யூடியூபே தீர்வாக ஏற்பதில்லை. Unlisted இன்னும் மோசம். லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கலாம், அந்த லிங்க் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் கிடக்கிறதோ!

அழிக்கும் முன் இரண்டு வேலை. குடும்பத்துக்கு வீடியோ வேண்டுமென்றால் ஸ்டுடியோ பதிவு செய்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். யூடியூபிலிருந்து இறக்கினால் தரம் குறைந்துதான் வரும். அடுத்தது, மிரட்டலோ ஆபாசமோ கமென்ட்டில் இருந்தால் அவசரப்பட்டு அழிக்கவே கூடாது. வீடியோவின் முகவரி, எழுதியவரின் சேனல் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் புகார் கொடுங்கள். வீடியோ போனால் கமென்ட்டும் போய்விடும், அதோடு உங்கள் சாட்சியமும் போய்விடும்.

பிறகு ஸ்டுடியோக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தே அழிக்கச் சொல்லுங்கள். YouTube Studio-வில் Content, அதில் Live பகுதி, அங்கே வீடியோவைத் தேர்ந்து Delete forever. இதன்பின் அதை மீட்க முடியாது. வீடியோ இருக்கட்டும், சாட் மட்டும் போகட்டும் என்றால், வீடியோ விவரப் பக்கத்தில் Live chat replay என்ற தேர்வை நீக்க வேண்டும். சாட் வேறு, வீடியோவுக்குக் கீழே வரும் கமென்ட் வேறு. ஒன்றை மறைத்தால் மற்றது மறையாது. இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். அதே லைவ் ஃபேஸ்புக்கிலும் ஓடியிருந்தால் அங்கேயும் தனியாகப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரிக்குப் பிறகான லைவ்களை ஃபேஸ்புக் 30 நாளில் தானே நீக்குகிறது. அதற்குள் யாராவது இறக்கி வேறு பக்கத்தில் ஏற்றியிருந்தால் அது தனி வீடியோ, தனிப் புகார்.

ஸ்டுடியோ இழுத்தடித்தால்? "அந்த ஐடி பழைய பையனோடது, பாஸ்வேர்டு இல்லை" என்பது வழக்கமான பதில். அதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் யூடியூபின் Privacy Complaint Process வழியாகப் புகார் செய்யுங்கள். சம்பந்தப்பட்டவரே புகார் தர வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் தரலாம். வீடியோவின் முகவரியோடு, முகம், பெயர், போன் நம்பர் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் வருகின்றன என்று குறிப்பிடுங்கள். "என் மகள் வீடியோவை எடுங்கள்" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. பதிவேற்றியவர் தானே நீக்க 48 மணி நேரம் தரப்படலாம். அதன்பிறகே யூடியூப் பரிசீலிக்கும். ஒப்புதலோடு எடுத்த வீடியோ என்று மறுக்கவும் வாய்ப்புண்டு. போன் நம்பர், குழந்தையின் அடையாளம் போன்றவற்றைத் தெளிவாகக் காட்டினால் புகாருக்கு வலு கூடும்.

அங்கும் கதவு அடைபட்டால், இந்தியாவுக்கென நியமிக்கப்பட்ட யூடியூபின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in வழியாகப் போகலாம். புகார் எண்ணையும் பதில் மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்திருங்கள். அவை இல்லாமல் மேல்முறையீடு நகராது.

அடுத்த விசேஷத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்: லைவ் Unlisted-ஆக ஓட வேண்டும், சாட் மூடியிருக்க வேண்டும், இன்ன தேதிக்குள் முழுமையாக அழிக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் ஸ்டுடியோவுக்கு உங்கள் வீட்டு விசேஷத்தைக் கொடுக்காதீர்கள்.