சொடுக்க வைத்த படமும் நிலைக்காத பார்வையும்

‘நகைக் கடன் முழுவதும் தள்ளுபடி, இன்றே அறிவிப்பு’ என்று சிவப்பு எழுத்துகள் ஒளிரும் படம் ஒன்று கைப்பேசித் திரையில் தோன்றுவதாகக் கொள்வோம். அடகு வைத்த நகையை மீட்க வழியின்றித் தவிக்கும் எவரும் அதைத் தொடாமல் கடந்துவிட மாட்டார். தொட்ட பிறகுதான் தெரிகிறது, அறிவிப்பு ஏதும் வரவில்லை. யாரோ கோரிக்கை விடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. முக்கால் நிமிடத்தில் அவர் வெளியேறிவிடுகிறார்.

இந்த ஏமாற்றம் இரண்டு எண்களாகப் பதிவாகிறது. ‘தம்ப்நெயில்’ எனப்படும் முகப்புப் படம் எத்தனை முறை திரையில் காட்டப்பட்டது, அதில் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பது முதலாவது. இதுவே சொடுக்கு விகிதம். சொடுக்கியவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது இரண்டாவது. யூடியூப் நிறுவனத்தின் விளக்கப்படி, அதன் அலைவரிசைகளிலும் காணொலிகளிலும் பாதியளவுக்குச் சொடுக்கு விகிதம் 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் அமைகிறது.

நம் கற்பனைக் காணொலியின் நீளம் 10 நிமிடம். முகப்புப் படம் 10,000 முறை காட்டப்பட்டது. விகிதம் 12 விழுக்காடு. அதாவது, 1,200 பார்வைகள். சராசரிப் பார்வை நேரமோ 45 விநாடி. மொத்தம் 900 நிமிடங்கள். அதே செய்தியை ‘நகைக் கடன் தள்ளுபடி கோரிக்கை: அரசால் இயலுமா?’ என்ற உண்மையான தலைப்புடன் இன்னொருவர் வெளியிடுகிறார். விகிதம் 4 விழுக்காடுதான், பார்வைகள் 400. ஆனால், வந்தவர்கள் சராசரியாக 4 நிமிடம் தங்குகிறார்கள். மொத்தம் 1,600 நிமிடங்கள். மும்மடங்கு கூட்டத்தைச் சேர்த்த படம், பார்வை நேரத்தில் பாதியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது.

குறையைப் படத்தின்மீது சுமத்துவது ஏன்? பொருளியலில் ‘அனுபவப் பண்டம்’ என்றொரு வகை உண்டு. 1970இல் பிலிப் நெல்சன் வகுத்துக் காட்டிய கருத்து அது. துணியை வாங்குமுன் தொட்டுப் பார்க்கலாம்; உணவின் சுவையை உண்ட பின்னரே அறிய முடியும். காணொலி இரண்டாவது வகை. சொடுக்குபவருக்குப் படமும் தலைப்பும் மட்டுமே சான்று. வெளியேறுபவருக்கு உள்ளடக்கமே சான்று. இரண்டு முடிவுகளையும் எடுப்பவர் ஒரே மனிதர், சில விநாடி இடைவெளியில். அவருக்கு அந்தப் பொருளில் ஆர்வம் இருந்தது என்பதைச் சொடுக்கே மெய்ப்பிக்கிறது. ஆகவே, அவர் தேடி வந்தது உள்ளே இல்லை என்பதே முதலில் எழ வேண்டிய ஐயம்.

ஐயம்தான், தீர்ப்பு அன்று. ‘வணக்கம் நண்பர்களே’ என்று தொடங்கி இரண்டு நிமிடம் சுற்றி வளைப்பவரிடமிருந்தும் பார்வையாளர் ஓடத்தான் செய்வார். ஒலி தெளிவாக இல்லாவிட்டாலும் அப்படியே. கேள்விக்குரிய விடையை முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிடும் காணொலியிலிருந்து மனநிறைவோடு வெளியேறுவோரும் உண்டு. அது குறையே ஆகாது. இவற்றைப் பிரித்தறிய, எந்த விநாடியில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று காட்டும் வரைகோட்டைப் பார்க்க வேண்டும். உள்ளடக்கம் சலிப்பூட்டினால் கோடு மெல்லச் சரியும். விடை கிடைத்துப் போயிருந்தால், விடை சொல்லப்பட்ட இடத்துக்குப் பின் சரியும். வாக்குறுதி பொய்த்திருந்தால், பெரும்பாலும் தொடக்கத்திலேயே, பொருள் என்னவென்று புலப்பட்ட கணத்தில், செங்குத்தாக விழும்.

தொடக்கத்தில் பார்வை எண்ணிக்கைக்கே முதலிடம் தந்த யூடியூப், 2012இல் பரிந்துரைகளையும் தேடல் வரிசையையும் பார்வை நேரத்தின் பக்கம் திருப்பியது. ஆயினும், பழைய உத்தி மறையவில்லை. காரணம் எளிது: காணொலிக்கு முன்னால் ஓடும் விளம்பரம், ஏமாற்றம் வெளிப்படுவதற்கு முன்பே காட்டப்பட்டுவிடுகிறது. இடையில் வரும் விளம்பரங்களை மட்டுமே, ஓடிப்போன பார்வையாளரோடு சேர்த்து இழக்க நேர்கிறது. இன்றைய பரபரப்பில் இன்றே ஈட்ட நினைப்பவருக்கு அந்த இழப்பு பொருட்டில்லை. நடப்புச் செய்திகள் தொடர்பான அப்பட்டமான ஏமாற்றுத் தலைப்புகளையும் படங்களையும் கட்டுப்படுத்த இந்தியாவில் நடவடிக்கையைத் தீவிரப்படுத்தப் போவதாக 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் தனியே அறிவிக்க நேர்ந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

நேர்மையாக உழைத்தும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவர் சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஒரே காணொலிக்கு மூன்று முகப்புப் படங்கள் வரை பகிர்ந்து காட்டி ஒப்பிடும் வசதியை யூடியூப் அளிக்கிறது. அதில் வெற்றி பெறுவது அதிகம் சொடுக்கப்பட்ட படம் அன்று. அதிகப் பார்வை நேரத்தை ஈட்டிய படம். உள்ளதை உள்ளபடி சொல்லும் படத்துக்கு மாறிய பின் சொடுக்கு குறைந்து, தங்கும் நேரம் கூடினால், குறை முகப்பில்தான் இருந்தது. நேரமும் கூடவில்லையென்றால், படத்தை விட்டுவிட்டுக் காணொலியின் முதல் அரை நிமிடத்தைத் திருத்தி எழுத உட்கார வேண்டியதுதான்.